கறித்தூள் பக்கற் கசிவு: மீன்முள் வரைபடத்தை மேற்பார்வையாளர்கள் முன் வைப்பது எப்படி

கறித்தூள் பக்கற் கசிகிறதென்று சுன்னாகத்துக் கடைக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்புகிறார். தொழிற்சாலையில் சீல் சூட்டைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். இரண்டு கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு இன்னொரு கடையிலிருந்து இன்னொரு பெட்டி வருகிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் குறைபாட்டுக்குத்தான் மீன்முள் வரைபடம்: குறைபாட்டை மீனின் தலையிலும், அதற்கு இருக்கக்கூடிய காரணங்களை முள்ளிலும் எழுதும் படம். ஒரே ஒரு தடவை வந்த பிழைக்கு இது தேவையில்லை. அதை மெக்கானிக்கோடு நின்று கதைத்தாலே போதும்.

தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் "ஒரு மீன்முள் கீறிக்கொண்டு வாரும், வெள்ளிக்கிழமை கூட்டத்தில பாப்பம்" என்று சொல்லிவிடுவார்கள். கீறுவது சுலபம். கீறியதை மேற்பார்வையாளர்கள் முன் வைத்து ஒரு முடிவோடு வெளியே வருவதுதான் கடினம். பெரும்பாலான கூட்டங்கள் "எல்லாரும் இன்னும் கவனமா வேலை செய்ய வேணும்" என்ற இடத்தில் முடிந்துபோவதற்குக் காரணம், முள்ளில் எழுதியவை எல்லாம் வெறும் சந்தேகமாக இருப்பதுதான். அவற்றில் எதைச் சோதித்தோம், எது உறுதியானது, எது விழுந்தது என்பது படத்தில் தெரியாது. ஆகவே கூட்டத்துக்கு முந்திய ஒரு கிழமை வேலையையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு சிறு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் யாழ்ப்பாணக் கறித்தூள் பக்கற் போடுகிறார்கள். மெசின் ஒன்று. அது ஃபிலிம் றோலை இழுத்துக் குழாயைச் சுற்றிப் பையாக மடித்து, முதுகுப்புறம் நீளமாக ஒரு சீலும் மேலும் கீழும் குறுக்காக ஒவ்வொரு சீலும் அடிக்கிறது. நிமிடத்துக்கு 30 பக்கற். காலை 8 மணி முதல் பின்னேரம் 5 மணி வரை, நடுவில் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டு நேரம். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த உதாரணத்துக்கானவை. உங்கள் இடத்தில் உங்கள் எண்ணே வரவேண்டும்.

முதலில் தலை

படத்தின் வலப்பக்கத்தில் மீனின் தலைக்குள் குறைபாட்டை எழுதுவோம். "சீல் சரியில்லை" என்று எழுதினால் அந்தக் கூட்டம் அங்கேயே தோற்றுப்போகும். ஒருவர் முதுகுச் சீலை நினைத்துக் கதைப்பார், இன்னொருவர் திகதி அச்சு சீலில் விழுந்ததை நினைத்துக் கதைப்பார், மூன்றாமவர் போன வருடத்துக் கதையைச் சொல்வார். தலையில் எந்தப் பொருள், எந்த இடம், எவ்வளவு, எந்தக் காலம் என்ற நான்கும் இருக்கவேண்டும்.

அந்த நான்கையும் எழுத எண்ணிக்கை வேண்டும். ஆறு வேலை நாட்களுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் தொடர்ந்து வரும் 20 பக்கற்றை எடுங்கள். ஒரு நாளைக்கு 160, ஆறு நாளில் 960. ஒவ்வொன்றையும் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. கையால் அழுத்தினால் ஆளுக்கு ஆள் பலம் மாறும். அதனால் பக்கற்றின் மேல் ஒரு சிறு பலகையை வைத்து, அதன்மேல் எப்போதும் ஒரே எடையை, ஒரே பத்து செக்கன் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கூட்டத்தில் வரும் முதல் கேள்வியே உங்கள் எண்ணை உடைத்துவிடும்.

தாளில் மூன்று விடயம் மட்டும் குறித்தால் போதும்: எந்த மணி, எந்தச் சீல், அப்போது ஓடிய றோலின் இலக்கம். கசிந்த பக்கற்றை எறியவேண்டாம். திகதியும் மணியும் எழுதி ஒரு பெட்டியில் சேருங்கள். கூட்டத்தில் அதுதான் உங்கள் சாட்சி.

நமது உதாரணத்தில் 960இல் 29 கசிந்தது. அதில் 26 மேல் அல்லது கீழ்ச் சீலில், 3 முதுகுச் சீலில். ஆகவே தலையில் இப்படி எழுதுவோம்: "100 கிராம் கறித்தூள், மேல்–கீழ்ச் சீல் கசிவு, 960இல் 26, இந்த மாதம் முதல் கிழமை." முதுகுச் சீலின் மூன்றையும் இதில் சேர்க்கக்கூடாது. சீலை அழுத்தி ஒட்டும் சூடான தாடை அதற்கு வேறு, சூடும் வேறு. காரணமும் அநேகமாக வேறாகத்தான் இருக்கும்.

முள்ளில் என்ன எழுதுவது

இந்தப் படத்தை உருவாக்கிய ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவாவின் பேரால் இதை இஷிகாவா வரைபடம் என்றும் சொல்வார்கள். தொழிற்சாலைகளில் பெரிய முள் ஆறு போடுவது வழக்கம்: ஆட்கள், மெசின், மூலப்பொருள், செய்முறை, அளவீடு, சூழல். ஆறும் நிரம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சூழலில் ஒன்றுதான் இருந்தால் ஒன்றை மட்டும் எழுதுங்கள். இடம் நிரப்ப எழுதிய காரணத்தை அனுபவமுள்ள மேற்பார்வையாளர் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். பிறகு மற்றவற்றையும் அப்படித்தான் பார்ப்பார்.

காரணங்களைத் தனியே மேசையில் இருந்து யோசிக்காதீர்கள். மெசின் ஒப்பரேற்றர், மெக்கானிக், பெட்டி அடுக்கும் பிள்ளைகள் ஆகியோரிடம் மெசினுக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். "ஏன் கசியுது?" என்று கேட்டால் தற்காப்பாகத்தான் பதில் வரும். "எந்த நேரத்தில கூடக் கசியுது? அந்த நேரம் மெசினில என்ன வித்தியாசம் தெரியுது?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். பெட்டி அடுக்கும் ஒருவர் "சாப்பாட்டுக்கு முதல் வாற பக்கற்றில வாய்ப்பக்கம் சிவப்பாத் தூள் ஒட்டியிருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரி ஆறு முள்ளிலும் பெரியது.

ஒவ்வொரு காரணத்தையும் போய்ப் பார்த்துச் சோதிக்கக்கூடிய வசனமாக எழுதுங்கள். "கவனக்குறைவு" என்பதைச் சோதிக்க முடியாது. "தாடையைத் துடைப்பது சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடியும்போதும் மட்டுமே" என்பதைச் சோதிக்கலாம். "ஃபிலிம் மட்டம்" என்பதற்குப் பதிலாக "இந்த றோலின் உட்படை முந்திய றோலைவிட மெல்லியது" என்று எழுதினால் யாராவது அளந்து பார்ப்பார்கள். "ஆட்கள்" என்ற முள்ளில் பேர் எழுதவே கூடாது. அதில் வருவது பயிற்சி, ஆள் எண்ணிக்கை, வேலைப் பிரிவு ஆகியவைதான்.

நமது உதாரணத்தில் நிற்கும் சந்தேகங்கள் இவை. மெசின் முள்ளில்: தாடையின் சூடு குறைவு அல்லது இடமும் வலமும் ஒரே அளவில் இல்லை, தாடையின் பல்லுக்குள் தூள் படிகிறது, தூளைத் தள்ளும் திருகு நின்ற பிறகும் நுனியிலிருந்து தூள் சிந்துகிறது. மூலப்பொருளில்: ஃபிலிம் றோல் மாறியது; அரைத்த தூள் ஆறமுதல் மெசினுக்கு வருகிறது. வறுத்து அரைத்த தூளில் எண்ணெய்ப் பிடிப்பு உண்டு. சூடாக இருக்கும்போது அது இன்னும் ஒட்டும். செய்முறையில்: துடைக்கும் இடைவெளி நீளம், தூள் விழுந்து முடியமுதல் தாடை மூடுகிறது. சூழலில்: மின்விசிறி மெசினை நோக்கி இருக்கிறது, மாரி காலத்தில் தூள் ஈரம் இழுக்கிறது. அளவீட்டில்: மெசின் முகப்பில் காட்டும் சூடு தாடையில் உண்மையில் இருக்கும் சூடுதானா என்பது. ஆட்களில்: புதிய ஒப்பரேற்றருக்கு றோல் மாற்றும்போது ஃபிலிமை நேராக்கப் பழக்கம் போதாது.

மொத்தம் பத்துப் பன்னிரண்டு. இருபதைத் தாண்டினால் தாளில் எழுத்துச் சிறுத்துவிடும், கூட்டமும் சிதறும்.

கூட்டத்துக்கு முன் சோதித்து அடையாளம் போடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். காரணங்களைக் கீறியவுடனே கூட்டத்துக்குப் போய் "எது முக்கியம்?" என்று கை உயர்த்தச் சொல்வார்கள். எதை முதலில் சோதிப்பது என்று தெரிவுசெய்ய வாக்கெடுப்பு உதவும். எது உண்மை என்று அது சொல்லாது. பெரும்பாலும் பதவியில் கூடியவர் சொன்ன காரணமே வெல்லும்.

நமது உதாரணத்தில் செலவில்லாத நான்கு சோதனைகள் பாதிப் படத்தைத் துடைத்துவிடும்.

முதலாவது, மணிவாரியாக எண்ணிப் பார்ப்பது. 26 கசிவும் இப்படி விழுந்தன என்று வைப்போம்: 8–9 மணிக்கு 1, 9–10இல் 1, 10–11இல் 4, 11–12இல் 7. சாப்பாட்டு நேரத்தில் தாடை துடைக்கிறார்கள். பிறகு 1–2இல் 1, 2–3இல் 2, 3–4இல் 4, 4–5இல் 6. துடைத்தவுடன் குறைகிறது, ஓட ஓட ஏறுகிறது, மறுபடி துடைத்தால் மறுபடி குறைகிறது. சூடு ஏறாததுதான் காரணமென்றால் காலை முதல் மணியில்தான் கூடக் கசியவேண்டும். ஆறு நாளும் காலையும் மத்தியானமும் ஒரே ஒப்பரேற்றர் நின்றார் என்றால், ஆள் புதிது என்பதும் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்காது. ஏதோ ஒன்று மெல்ல மெல்லச் சேர்கிறது என்று இந்த எட்டு எண்ணும் சொல்கின்றன.

இரண்டாவது, கசிந்த சீலைப் பிரித்துப் பார்ப்பது. பக்கற்றை நடுவில் வெட்டித் தூளைக் கொட்டிவிட்டு, சீலை இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். சூடு போதாத சீல் இரண்டு தாளாகச் சுத்தமாகக் கழன்று வரும். கழன்ற இடம் பளபளப்பாக, ஃபிலிம் இழுபடாமல் இருக்கும். சூடு கூடிய சீல் கழராது. சீலின் ஓரத்தில் ஃபிலிம் சுருங்கி, அந்த விளிம்பில் கிழியும். தூள் அகப்பட்ட சீலில் மற்ற இடமெல்லாம் நன்றாக ஒட்டியிருக்க, ஒரு இடத்தில் மட்டும் சிவப்புப் புள்ளிகளோடு வாய்க்கால்போல ஒரு வழி தெரியும். கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். உதாரணத்தில் 26இல் 21இல் தூள், 5இல் ஃபிலிம் மடிந்த சுருக்கு.

மூன்றாவது, வெறும் பக்கற் ஓட்டுவது. துடைத்துவிட்டு, தூளை நிறுத்தி, வேறு எதையும் மாற்றாமல் 50 வெறும் பக்கற்றை ஓட்டி எல்லாவற்றையும் தண்ணீரில் அழுத்திப் பாருங்கள். 50உம் கசியாவிட்டால் சூடு, அழுத்தம், ஃபிலிம் மூன்றும் அந்த வேகத்தில் ஒட்டக்கூடியவை என்று பொருள். கசிவுக்குத் தூள் கூட இருக்கவேண்டும். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைப் போலக் கூட்டத்தில் வாக்குவாதத்தை நிறுத்துவது வேறில்லை. இதை வெவ்வேறு இரண்டு றோலில் செய்தால் இன்னும் நல்லது.

நான்காவது, தாடையின் சூட்டைத் தொட்டு அளக்கும் சூடுமானியால் இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் அளப்பது. முகப்பு 140 பாகை காட்ட, தாடையில் 138, 141, 139 வந்தால் அந்த முள்ளை விட்டுவிடலாம். ஒரு பக்கம் 120 என்றால் கதை வேறு. சரியான சூடு எவ்வளவு என்பதற்கு ஃபிலிம் விற்றவர் தந்த தாளைப் பாருங்கள். ஃபிலிமுக்கு ஃபிலிம் அது மாறும். தொடாமல் தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்புச் சூடுமானி பளபளக்கும் உலோகத்தில் பிழையாகக் காட்டும். அதை நம்பி அளந்தோம் என்று கூட்டத்தில் சொல்லவேண்டாம்.

சோதித்த பிறகு ஒவ்வொரு காரணத்துக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு அடையாளம் போடுங்கள். உறுதியானதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். விழுந்ததன் மேல் ஒற்றைக் கோடு, ஆனால் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். சோதிக்காததற்குக் கேள்விக்குறி. கேள்விக்குறி இருப்பது வெட்கமில்லை. ஈரம் இழுக்கிறதா என்பதை மழை இல்லாத கிழமையில் சோதிக்க முடியாது. அப்படியே சொல்லுங்கள்.

உறுதியான முள்ளில் மட்டும் இன்னும் ஆழமாகப் போங்கள். சீலில் தூள் ஏன்? தாடைப் பல்லில் தூள் படிந்திருக்கிறது. ஏன் படிகிறது? தாடை மூடும் நேரத்தில் தூள் விழுந்துகொண்டிருக்கிறது. ஏன்? திருகு நின்ற பிறகும் நுனியிலிருந்து சிந்துகிறது. மெசினை மெதுவாக ஓடவிட்டு, திருகின் நுனிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நின்ற பிறகு சிந்துவது கண்ணுக்குத் தெரியும். இதை மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, காவல் மூடியைக் கழற்றாமல் செய்யக்கூடிய இடத்தில் மட்டும் செய்யுங்கள். முடியாவிட்டால் கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இந்தச் சங்கிலியைச் சின்ன முள்ளாகப் பெரிய முள்ளில் ஏற்றுங்கள்.

தாளும் தனிப் பேச்சும்

பெரிய தாளில், மார்க்கர் பேனையால், ஒரு சொல்லுக்கு இரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில் எழுதுங்கள். நாலு மீற்றர் தள்ளி நின்று வாசிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். திரையில் காட்டுவதைவிடத் தாள் நல்லது. கரண்ட் போனாலும் கூட்டம் நடக்கும், எழுந்து வந்து பேனையால் சேர்க்கலாம், முடிந்ததும் மெசினுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். தளத்தில் வழங்கும் சொல்லையே எழுதுங்கள். அங்கே "தாடை" என்று யாரும் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்லும் பேரைப் போடுங்கள். கொழும்பு அலுவலகத்திலிருந்து தமிழ் வாசிக்காத ஒருவர் வருவதாக இருந்தால் ஆறு பெரிய முள்ளுக்கும் தலைக்கும் அவருக்குத் தெரிந்த மொழியில் பக்கத்தில் ஒரு சொல் போதும்.

கூட்டத்துக்கு முதல் நாள், உறுதியான முள் யாருடைய பிரிவைத் தொடுகிறதோ அவரிடம் தனியாகப் போய்ப் படத்தைக் காட்டுங்கள். நமது உதாரணத்தில் அது பராமரிப்பு மேற்பார்வையாளர். திருகின் நுனி அவருடைய பொறுப்பு. மற்றவர்கள் முன்னிலையில் முதன்முதலாக அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் மறுக்கத்தான் செய்வார். தனியாக "அண்ணை, இந்தத் தாளில சிந்தினதைப் பாருங்கோ, இது வழமையா இப்பிடித்தானோ?" என்று கேட்டால், அந்த நுனித் தட்டு எப்போது தேய்ந்தது, மாற்ற எத்தனை நாள் செல்லும் என்று அவரே சொல்வார். உங்களுக்குத் தெரியாத ஒரு விளக்கம் அவரிடம் இருக்கவும் கூடும். இருந்தால் கூட்டத்துக்கு முன்னே படத்தைத் திருத்துங்கள்.

பதினைந்து நிமிடம்

கூட்டம் தொடங்கியதும் படத்தைத் திருப்பி வையுங்கள். முதலில் பெட்டியிலிருந்து கசிந்த நாலைந்து பக்கற்றையும் வெட்டித் திறந்த சீல் இரண்டையும் கைமாற்றிவிடுங்கள். தூள் அகப்பட்ட அந்தச் சிவப்பு வழியைத் தாமே பார்த்த பிறகு, அவர்கள் படத்தைப் பார்க்கும் கண் வேறாக இருக்கும். மீன்முள் என்றால் என்ன, யார் கண்டுபிடித்தார் என்று விளக்க நேரம் செலவழிக்கவேண்டாம். அவர்களில் பலர் உங்களுக்கு முன்னே பல படங்களைப் பார்த்தவர்கள்.

பிறகு தலையை வாசியுங்கள். இப்படித் தொடங்கலாம்:

"சேர், அண்ணைமார், போன கிழமை 960 பக்கற் பாத்தம். 26இல மேல் கீழ்ச் சீல் கசிஞ்சது. முதுகுச் சீல் கதை இண்டைக்கு இல்லை. இந்த 26க்கு என்ன காரணம் எண்டு பன்னிரண்டு சந்தேகம் வந்தது. அதில ஆறை நாங்கள் சோதிச்சுத் தள்ளிட்டம், மூண்டு உறுதி, மூண்டு இன்னும் பாக்கேல்லை. உங்களிட்ட ஒரு விடயத்துக்கு அனுமதி கேக்கத்தான் வந்தனாங்கள்."

கடைசி வசனம் அவசியம். எதற்காக வந்தீர்கள் என்று தெரியாவிட்டால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்து மணிவாரி எண்களை ஒரு சிறு தூண்படமாகக் காட்டுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எண்ணிக்கை விழுவதை விரலால் சுட்டிக்காட்டிவிட்டு, ஒரு கணம் பேசாமல் இருங்கள். அவர்களில் ஒருவரே "அப்ப தாடை துடைச்சாப் பிறகு குறையுதோ?" என்று கேட்பார். அதை நீங்கள் சொல்வதைவிட அவர்கள் சொல்வது நல்லது. அதன் பிறகே மீன்முள்ளைத் திருப்பிக் காட்டி, சிவப்பு வட்டமிட்ட சங்கிலியைச் சின்ன முள்ளிலிருந்து தலை நோக்கி வாசியுங்கள். பன்னிரண்டையும் வாசிக்கவேண்டாம். விழுந்தவற்றுக்கு ஒவ்வொரு வசனம் போதும்: எதைச் சோதித்தோம், என்ன கண்டோம்.

கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: "சூட்டைக் கூட்டினாச் சரிவராதோ? முந்தி அப்பிடித்தானே செய்தனாங்கள்." மறுத்துப் பேசாமல் சோதனையைச் சொல்லுங்கள். இந்தச் சூட்டில் 50 வெறும் பக்கற் ஒன்றும் கசியவில்லை. சூட்டைக் கூட்டினால் தூள் போகாது, ஃபிலிம் சுருங்கி விளிம்பில் கிழியத் தொடங்கும். முந்தி சூடு கூட்டியபோது சரிவந்ததுபோலத் தெரிந்ததற்கு, சூடு மாற்ற மெசினை நிறுத்தியபோது தாடையையும் துடைத்தது காரணமாக இருக்கலாம். அது உங்களுக்கு உறுதியில்லை என்றால் "இருக்கலாம்" என்றே சொல்லுங்கள்.

இன்னொன்று: "ஆக்கள் ஒழுங்காத் துடைக்கிறேல்லை." இதற்குத் துடைக்கும் விதிமுறைத் தாளை எடுத்துக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, இரண்டு தடவை துடைக்கத்தான் செய்கிறார்கள். பிழை ஆளில் இல்லை, இடைவெளியில். இந்தப் பதிலை விடாமல் சொல்வது உங்கள் கடமை. இல்லாவிட்டால் அடுத்த முறை ஒப்பரேற்றர் உங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

கூட்டத்தில் யாராவது புதுக் காரணம் சொன்னால் அந்த இடத்திலேயே பென்சிலால் முள்ளில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறியும் யார் எப்போது சோதிப்பது என்பதும் போடுங்கள். அதைப் பற்றி விவாதிக்கவேண்டாம். எழுதப்பட்டதைக் கண்டால் சொன்னவர் அமைதியாவார், கூட்டமும் தடம் மாறாது.

என்ன கேட்பது

கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரேயொரு மாற்றத்தைக் கேளுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. நமது உதாரணத்தில் கேட்பது இது: ஆறு நாளைக்கு, வழமையான இரண்டு தடவையோடு காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் மெசினை நாலு நாலு நிமிடம் நிறுத்தித் தாடையைப் பித்தளைத் தூரிகையால் துடைப்பது. உருக்குத் தூரிகை தாடைப் பல்லைக் கீறும். கொம்பிரசர் காற்றால் ஊதக்கூடாது. தூள் கண்ணிலும் பக்கற்றுகளிலும் திருகிலும் போய்ச் சேரும். தாடை 140 பாகையில் இருக்கும் என்பதால் மெசினை நிறுத்திப் பூட்டி, சூடு தாங்கும் கையுறையோடு செய்யவேண்டும் என்பதையும் கோரிக்கையிலேயே எழுதுங்கள்.

உற்பத்தி மேற்பார்வையாளரின் கவலை நிறுத்தும் நேரம்தான். அதற்குக் கணக்கோடு போங்கள். எட்டு நிமிடம் நின்றால் 240 பக்கற் குறையும். எட்டு மணித்தியாலத்தில் 14,400 பக்கற் வருகிறது. 960க்கு 26 என்ற கணக்கில் அதில் 390 அளவில் கசிகிறது. நிறுத்துவதால் போகும் 240 நாளைக்கும் போடலாம், தூளும் ஃபிலிமும் வீணாகாது. கசிந்த 390 கடைவரை போய்த் திரும்பி வருகிறது. இந்த மூன்று எண்ணும் ஒரு சிறு தாளில் அவர் கையில் இருக்கட்டும்.

சோதனை தொடங்கமுதல் அளவுகோலையும் ஒத்துக்கொள்ளுங்கள். அதே 960 பக்கற்றில் மேல்–கீழ்ச் சீல் கசிவு 10க்குக் கீழே வந்து, மணிவாரி ஏற்றமும் படிந்தால் தூள் படிவுதான் காரணம் என்று ஏற்போம். 20க்கு மேலே நின்றால் அந்த வட்டத்தை அழித்துக் கேள்விக்குறியாக்குவோம். நடுவில் நின்றால் இன்னொரு கிழமை பார்ப்போம். முடிவு வந்த பிறகு அளவுகோலைப் பேசினால் ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமானதைப் பேசுவார்கள்.

அடிக்கடி துடைப்பது படிந்ததை அகற்றுமே தவிரச் சிந்துவதை நிறுத்தாது. அதை மறைக்காமல் சொல்லுங்கள். துடைத்துக் கசிவு குறைந்தால் தூள் படிவுதான் காரணம் என்று நிரூபணமாகும். அதன் பிறகு திருகின் நுனித் தட்டை மாற்ற, தாடை மூடும் நேரத்தைக் கொஞ்சம் பிந்தவைக்கப் பணமும் நேரமும் கேட்பது சுலபம். நிரூபணம் இல்லாமல் முதலே உதிரிப்பாகம் கேட்டால் "பாப்பம்" என்ற பதிலே கிடைக்கும்.

முடிவை அந்த இடத்திலேயே தாளின் கீழ்ப்பக்கம் எழுதுங்கள்: என்ன மாற்றம், யார், எந்தத் திகதியில் தொடக்கம், எந்தத் திகதியில் மறுபடி எண்ணுவது. மேற்பார்வையாளர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். தாளை மெசினுக்குப் பக்கத்தில், தூள் படாத உயரத்தில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் பின்னேரம் அன்றைய கசிவு எண்ணை அதன் கீழே எழுதிவாருங்கள். சுருக்கால் கசிந்த 5க்கும் முதுகுச் சீலின் 3க்கும் தனித்தனி மீன் வேண்டும். இந்தச் சோதனை முடிந்து எண்ணிக்கை நிலைத்த பிறகு அவற்றைக் கீறுங்கள். இப்போதே தொடங்கினால் ஃபிலிமை நேராக்குவதும் தாடையைத் துடைப்பதும் ஒரே கிழமையில் மாறி, இரண்டு எண்ணும் கலங்கிவிடும்.